மணி அடிக்க ஐந்து நிமிடம்: செடியின் சுவாசத்துக்கு எந்த வகைக் கேள்வி பொருந்தும்?

பத்தாம் வகுப்பில் செடியின் சுவாசத்தை நடத்தி முடித்த ஒரு மாலை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. எல்லோருக்கும் கால் தாள் கொடுத்து இரண்டு வரி எழுதச் சொன்னேன். முதல் வரியில் "சுவாசித்தல் என்றால் என்ன?" என்ற கேள்விக்குப் பதில். இரண்டாவது வரியில், இன்று படித்ததிலிருந்து வீட்டில் போய்ச் சொல்லக்கூடிய ஒரு செய்தி. கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு மாணவி எழுதிக் கொடுத்த தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முதல் வரி: "உணவுப் பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆற்றல் வெளிப்படும் நிகழ்ச்சி சுவாசித்தல் எனப்படும்."

இரண்டாவது வரி: "மரங்கள் இரவில் மட்டும் சுவாசிப்பதால் புளிய மரத்தடியில் இரவில் படுக்கக் கூடாது."

முதல் வரிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். இரண்டாவது வரியைப் படித்தால் பாடம் உள்ளே போகவே இல்லை என்று தெரிகிறது. இரண்டையும் எழுதியது ஒரே கை, ஒரே நிமிடத்தில். அந்தப் பெண் குழம்பியதாகவும் தெரியவில்லை. அவள் மனதில் இரண்டும் தனித்தனி அறைகளில் நிம்மதியாக இருக்கின்றன. முதல் வரியை மட்டும் கேட்டிருந்தால் நான் மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

பாடம் முடிந்து மாணவர்கள் வகுப்பை விட்டுப் போகும்போது ஒரு சிறு கேள்விக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் முறையை ஆசிரியர் பயிற்சிகளில் எக்சிட் டிக்கெட் என்கிறார்கள். வெளியேறும் சீட்டு என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். மதிப்பெண் போடுவதற்கான தேர்வல்ல இது. நாளைக் காலை முதல் பத்து நிமிடத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதுதான் அதன் ஒரே வேலை. ஆகவே கேள்வி வகைகளை ஒப்பிடும்போது நான் வைக்கும் அளவுகோலும் ஒன்றுதான்: தவறான பதில் வந்தால், எந்தத் தவறு என்று அது காட்டிக்கொடுக்கிறதா?

இதை எல்லாப் பாடத்துக்கும் பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. எனவே செடியின் சுவாசம் என்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருக்கும் ஐந்து வழிகளையும் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில், மாணவர்கள் எங்கே வழுக்குகிறார்கள்

கேள்வி தயாரிக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். செடியின் சுவாசத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறான எண்ணங்கள் மூன்று. செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்கிறது, இரவில் சுவாசிக்கிறது என்று வேலையை இரண்டு ஷிப்டாகப் பிரிப்பது முதலாவது. கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்து ஆக்சிஜனை வெளியே விடுவதுதான் "செடியின் மூச்சு" என்று நினைப்பது இரண்டாவது. ஒளிச்சேர்க்கையே செடிக்கு ஆற்றலைத் தந்துவிடுகிறது, ஆகவே சுவாசம் அதற்கு ஒரு துணை ஏற்பாடு மட்டுமே என்பது மூன்றாவது.

இவற்றில் இரண்டாவதை வளர்ப்பதில் நம் மொழிக்கும் பங்கு இருக்கிறது. மனிதன் மூச்சு விடுவதையும் சுவாசம் என்கிறோம். செல்லுக்குள் குளுக்கோஸ் சிதைந்து ஆற்றல் வெளிப்படுவதையும் சுவாசம் என்கிறோம். "செல் சுவாசம்" என்ற சொல்லைப் பாடப்புத்தகம் தந்தாலும், வகுப்பில் பேசும்போது முன்னொட்டு உதிர்ந்துவிடுகிறது. மாணவனின் காதில் விழுவது மூச்சுதான். மூச்சு என்றால் வாயு உள்ளே போய் வெளியே வருவது. செடிக்கு உள்ளே போவது கார்பன் டை ஆக்சைடு, வெளியே வருவது ஆக்சிஜன் என்று பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் மரம் வளர்ப்புப் படமே அவனுக்குச் சொல்லித்தருகிறது. இரண்டையும் சேர்த்து அவன் போடும் கணக்கில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதனால்தான் அது அவ்வளவு எளிதில் போவதில்லை.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. ஆஸ்திரேலியாவில் ஹஸ்லம், ட்ரெகஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒளிச்சேர்க்கை, சுவாசம் பற்றிச் சோதித்தபோதும் இதே மாதிரியான எண்ணங்களைப் பார்த்தார்கள். புளிய மரத்தடியில் இரவில் படுக்காதே என்று சொல்லும் பாட்டி அங்கே இல்லை. இருந்தும் "செடி இரவில்தான் சுவாசிக்கும்" என்பது அங்கேயும் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய கேள்வி வடிவத்துக்குப் பிறகு வருகிறேன். என் முடிவே அதைச் சார்ந்துதான் இருக்கிறது.

வரையறை கேட்பது

"சுவாசித்தல் என்றால் என்ன?", "ஒளிச்சேர்க்கைக்குத் தேவையானவை எவை?", கோடிட்ட இடத்தை நிரப்புக. இவை தயாரிக்க எளிது, திருத்த எளிது. பொதுத்தேர்வில் இப்படித்தான் கேட்கிறார்கள் என்ற சமாதானமும் கையோடு இருக்கிறது.

மேலே சொன்ன மாணவியின் தாளே இதற்குப் பதில். வரையறையை எழுதத் தெரிந்தவர்கள் மூன்று தவறான எண்ணங்களில் எதையும் வைத்திருக்கலாம். வரையறை அதைத் தொடுவதே இல்லை. எழுதத் தெரியாதவர்களிடமிருந்து வரும் வெற்றுத் தாளோ, அவர்கள் மனப்பாடம் செய்யவில்லை என்பதைத் தவிர எதையும் சொல்லாது. சொற்கள் பழகிவிட்டனவா என்று பார்க்க வேண்டிய நாள்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் என்ற பெயர்களை முதன்முதலாக அறிமுகம் செய்த நாளில் பெயரையும் படத்தையும் பொருத்தச் சொல்வது நியாயம். சுவாசப் பாடத்தின் முடிவில் இதைக் கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

திறந்த கேள்வி

"இன்று என்ன கற்றாய்? எது புரியவில்லை?" என்று கேட்டு இரண்டு நிமிடம் எழுத விடுவது இன்னொரு வழி. ஆசிரியர் பயிற்சிகளில் அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் இதுதான்.

இதன் பலவீனம் "எது புரியவில்லை?" என்ற பாதியில் இருக்கிறது. தவறாகப் புரிந்துகொண்டவனுக்குத் தான் தவறாகப் புரிந்துகொண்டது தெரியாது. புளிய மரத்தடி மாணவியிடம் கேட்டால் "எல்லாம் புரிந்தது டீச்சர்" என்பாள், உண்மையாகவே. நாற்பது தாள்களில் பாதி "எல்லாம் புரிந்தது" என்று வரும். மீதியில் தலைப்பையே திரும்ப எழுதியிருப்பார்கள்.

ஆனால் இந்த வகையை நான் தள்ளிவிடவில்லை. அந்த மாணவியின் எண்ணத்தை எனக்குக் காட்டியது ஒரு திறந்த வரிதானே! "எது புரியவில்லை" என்று கேட்காமல், ஒரு குறிப்பிட்ட காட்சியைக் கொடுத்துத் தங்கள் சொல்லில் விளக்கச் சொன்னால் இந்த வகை விதைநெல் போல உதவுகிறது. "நண்பகலில் செம்பருத்திச் செடியின் இலைக்குள் என்ன நடக்கிறது? ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று ஒரு வருடம் கேளுங்கள். வரும் தாள்களில் உள்ள வாக்கியங்களை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் தெரிவுக் கேள்விக்கான தவறான விடைகளை நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மாணவர்களின் வாக்கியமே இருக்கும்.

படிக்க நேரம் ஆகும் என்பது மட்டும் இதில் உள்ள சிரமம். நாற்பது தாளைக் கவனமாகப் படித்து வகைப்படுத்த எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் எடுப்பவர் இதைத் தினமும் செய்ய முடியாது. பாடத்துக்கு ஒரு முறை போதும்.

நான்கு விடையில் ஒன்று

இனி தெரிவுக் கேள்வி. மாணவர்களின் எண்ணங்களை வைத்தே செய்த ஒன்று இதோ:

நண்பகல் வெயிலில் நிற்கும் செம்பருத்திச் செடியின் இலைச் செல்களில் நடப்பது எது?

அ) ஒளிச்சேர்க்கை மட்டும்
ஆ) சுவாசித்தல் மட்டும்
இ) ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல் இரண்டும் ஒரே நேரத்தில்
ஈ) இரண்டும் மாறி மாறி

நல்ல கேள்விதான். "அ" எழுதியவர்கள் வேலையை ஷிப்டாகப் பிரிப்பவர்கள் என்று உடனே தெரிகிறது. திருத்தவும் வேண்டாம். எழுத்து எழுத்தாகப் பிரித்து அடுக்கினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அச்சுப் பிரதி எடுக்க வசதியில்லாத பள்ளியில் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, ரஃப் நோட்டில் கிழித்த துண்டுத் தாளில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

சிக்கல் "இ"யில் இருக்கிறது. பரீட்சை பழகிய மாணவனுக்கு "இரண்டும்" என்று இருப்பதே சரியாக இருக்கும் என்ற மோப்பம் உண்டு. பாடம் தெரியாமலே அதைத் தேர்ந்தெடுப்பான். மோப்பம் இல்லாமல் குத்துமதிப்பாக எழுதினாலும் நான்கில் ஒன்று சரியாக அமைந்துவிடும். நாற்பது பேரில் இருபது பேருக்கு உண்மையில் தெரியும், மீதி இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்கள் என்று வைத்தால், ஐந்து பேருக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்து இருபத்தைந்து சரியான விடை வரும். யார் அந்த ஐந்து பேர் என்று தெரியாது. அதைவிட மோசமானது, "இ"யைத் தவறான காரணத்துக்காக உறுதியோடு எழுதுபவர்கள். செடி வெயிலில் கார்பன் டை ஆக்சைடை "சுவாசித்து" ஒளிச்சேர்க்கை செய்கிறது, ஆகவே இரண்டும் நடக்கிறது என்று நினைப்பவன் "இ" எழுதுவான். அவன் தாள் சரி என்ற அடுக்கில் போய் உட்காரும்.

தெரிவுக் கேள்வி எழுதும்போது நாம் செய்யும் சில சின்னத் தவறுகளும் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். சரியான விடை மட்டும் நீளமாகவும் கவனமாகவும் எழுதப்பட்டிருக்கும். "எப்போதும்", "ஒருபோதும்" போன்ற சொற்கள் தவறான விடைகளில் மட்டும் வரும். "பொருந்தாதது எது" என்று கேட்டால் பாடம் தெரிந்தவனும் அவசரத்தில் சரியானதை எழுதிவிட்டுப் போவான். கடைசி நிமிடக் கேள்வியில் எதிர்மறை வேண்டவே வேண்டாம்.

விடையோடு காரணமும்

இங்கேதான் நான் முன்பு சொன்ன ஆஸ்திரேலிய வடிவம் வருகிறது. கேள்விக்கு இரண்டு அடுக்கு. முதல் அடுக்கில் விடை, இரண்டாவது அடுக்கில் அந்த விடைக்கான காரணம். காரணங்களும் தெரிவுகளாகவே கொடுக்கப்பட்டிருக்கும். அவை ஆசிரியர் உட்கார்ந்து யோசித்தவை அல்ல, மாணவர்கள் முன்பு தாங்களாகவே எழுதியதிலிருந்தும் பேசியதிலிருந்தும் எடுத்தவை. டேவிட் ட்ரெகஸ்ட் இந்த முறையின் படிகளை 1988இல் தனியாகவே விளக்கி எழுதினார். முழுநீளச் சோதனைக்காக உருவான வடிவம் அது. ஒரே ஒரு கேள்வியாகச் சுருக்கினால் வெளியேறும் சீட்டுக்கும் பொருந்துகிறது.

மேலே உள்ள செம்பருத்திக் கேள்விக்குக் கீழே இதைச் சேர்க்கிறேன்:

நீ அப்படிச் சொல்லக் காரணம்:

1) உயிருள்ள செல்லுக்கு ஆற்றல் எந்நேரமும் தேவை, அது சுவாசித்தலால் கிடைக்கிறது.
2) ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடைச் செடி சுவாசித்து எடுத்துக்கொள்கிறது.
3) பகலில் ஒளிச்சேர்க்கையே போதிய ஆற்றலைத் தந்துவிடுகிறது.
4) பகலில் இலைத்துளைகள் திறந்திருப்பதால் வாயுக்கள் உள்ளே வந்து போகின்றன.

மாணவன் எழுத வேண்டியது "இ-1" என்பது போல ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும். துண்டுத் தாளே போதும். முற்றிலும் குருட்டாம்போக்கில் எழுதினால் இரண்டும் சேர்ந்து சரியாக அமைய பதினாறில் ஒரு வாய்ப்புதான்.

இதன் பலனை ஒரு கணக்கில் பார்க்கலாம். நாற்பது பேர் வகுப்பில் தாள்கள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம்: இ-1 எழுதியவர்கள் 14, இ-2 எழுதியவர்கள் 12, இ-4 எழுதியவர்கள் 4, அ-3 எழுதியவர்கள் 8, "ஈ" எழுதியவர்கள் 2. முதல் அடுக்கை மட்டும் கேட்டிருந்தால் முப்பது பேர் சரி. முக்கால் வகுப்புக்குப் புரிந்துவிட்டது என்று திருப்தியாகக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பேன். இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பார்த்தால் பதினான்கு பேர்தான். நடுவில் இருக்கும் பதினாறு பேரைத் தெரிவுக் கேள்வி மட்டும் இருந்தால் மறைத்திருக்கும்.

"இ-1" எழுதாத இருபத்தாறு பேரையும் ஒரே கூட்டமாகப் பார்க்கக் கூடாது என்பதும் இதில் தெரிகிறது. "இ-2" எழுதிய பன்னிரண்டு பேருக்கு மூச்சும் செல் சுவாசமும் ஒன்றாகிவிட்டன. "அ-3" எழுதிய எட்டுப் பேருக்கு, ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் குளுக்கோஸில் ஆற்றல் சேமிக்கப்படுகிறது, அதைச் சுவாசத்தால்தான் செல் எடுத்துப் பயன்படுத்துகிறது என்பது பிடிபடவில்லை. முதல் கூட்டத்துக்கு மறுநாள் காட்ட வேண்டியது வேறு, இரண்டாவது கூட்டத்துக்கு வேறு.

"இ-2" அதிகமாக வரும் நாளுக்கு நான் வைத்திருக்கும் மருந்து முளைகட்டிய பச்சைப் பயறு. ஒரு கூம்புக் குடுவையில் ஒரு கைப்பிடி முளைப்பயறு, உள்ளே நூலில் கட்டித் தொங்கவிட்ட சிறு சோதனைக் குழாயில் தெளிந்த சுண்ணாம்பு நீர், மேலே இறுக்கமான கார்க். பக்கத்தில் இன்னொரு குடுவையில் வேகவைத்து ஆறவைத்த பயறு. காலையில் வைத்தால் அன்றைக்கே முதல் குடுவையின் சுண்ணாம்பு நீர் பால் போல மாறிவிடும், இரண்டாவது அப்படியே தெளிந்திருக்கும். ஒரு தடவை இதை வைத்தபோது முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், பயறுக்கு இலையே இல்லையே, ஒளிச்சேர்க்கையும் கிடையாது. அப்புறம் எதற்காக அது சுவாசிக்கிறது?" என்று கேட்டான். அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வந்த பிறகு நான் சொல்லவேண்டியது மிகக் கொஞ்சமாக இருந்தது. இலை இல்லாத, வெளிச்சம் தேவைப்படாத ஒன்று கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. ஒளிச்சேர்க்கைக்காக வாயுவை "இழுப்பது" சுவாசமாக இருக்க முடியாது என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள்.

"அ-3" கூட்டத்துக்கு இந்தப் பயறு போதாது. "விதைக்கு இலை இல்லை, ஆகவே அது சுவாசிக்கிறது, இலைக்குத் தேவையில்லை" என்று அவர்கள் வாதம் செய்வார்கள், செய்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது இலையின் செல்லில் மைட்டோகாண்ட்ரியா எதற்காக இருக்கிறது என்பதை. பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரே செல்லுக்குள் இருக்கும் படத்தை வைத்து, பகலில் இரண்டில் ஒன்றை யார் வந்து நிறுத்துகிறார்கள் என்று கேட்கலாம்.

இந்த வகையின் குறைகளையும் சொல்ல வேண்டும். காரணங்களைப் படிக்கவே ஒரு நிமிடம் போகும். மெதுவாகப் படிக்கும் மாணவர்களுக்கு அது பாடத் தேர்வாக இல்லாமல் வாசிப்புத் தேர்வாக மாறிவிடும். அதனால் நான் காரணங்களை ஒரு முறை உரக்கப் படித்துவிடுகிறேன். இரண்டாவது குறை: நாம் கொடுத்த நான்கு காரணங்களில் மாணவனின் உண்மையான காரணம் இல்லாமல் போகலாம். அவன் ஏதோ ஒன்றை எழுதிவிடுவான். அதற்காகக் கீழே ஒரு வெற்றுக் கோடு விட்டு "வேறு காரணம் இருந்தால் எழுதுக" என்று சேர்த்தால் போதும். பெரும்பாலோர் எழுதுவதில்லை. எழுதும் ஒன்றிரண்டு தாளும் அடுத்த வருடக் கேள்விக்குப் போகின்றன.

படத்தில் அம்பு போடச் சொல்வது

கடைசி வகை எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அடிக்கடி கொடுக்க முடியாதது. தாளில் ஒரே செடியின் இரண்டு கோட்டுப் படங்கள். ஒன்றின் மேல் சூரியன், இன்னொன்றின் மேல் நிலா. ஆக்சிஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் அம்பு. அதிகமாகப் போகும் வாயுவுக்குத் தடித்த அம்பு போட வேண்டும். வாக்கியம் எழுத வராத மாணவனும் இதில் பேசிவிடுகிறான்.

"பகலில் செடி ஆக்சிஜனை வெளியிடுகிறது" என்ற வாக்கியத்தில் உள்ள ஒரு சிக்கலை இந்தப் படம் மட்டுமே வெளியே கொண்டுவருகிறது. அந்த வாக்கியம் சரிதான், ஆனால் அது கழித்த பிறகு மிஞ்சும் கணக்கு. வெயிலில் இலை சுவாசத்துக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொண்டேதான் இருக்கிறது. ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் அளவு அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பதால் வெளியே போவது மட்டும் தெரிகிறது. பகல் படத்தில் ஒரு தடித்த அம்பு வெளியேயும் ஒரு மெல்லிய அம்பு உள்ளேயும் போட்டிருக்கும் மாணவனுக்கு இது புரிந்திருக்கிறது. ஒரே அம்பு போட்டவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. அவன் மிஞ்சியதை மட்டும் காட்டியிருக்கலாம். "இரண்டு வேலைக்கும் தனித்தனி அம்பு" என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகம் போய்விடும். நான் முதலில் இப்படிச் சொல்லாமல் கொடுத்து, வந்த படங்களை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாமல் தவித்திருக்கிறேன்.

இதே எண்ணத்தை ஆய்வுக்கூடத்தில் கேட்கவும் ஒரு வழி உண்டு. புரோமோதைமால் நீலம் கலந்த நீரில் உறிஞ்சுகுழாயால் லேசாக ஊதினால் நம் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து நீலம் பச்சையாக மாறும். இன்னும் ஊதினால் மஞ்சள். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மீண்டும் நீலத்துக்குத் திரும்பும். பச்சை நிறத்தில் நிறுத்திய நீரை மூன்று சோதனைக் குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரில்லாத் தண்டை இட்டு, கார்க் போட்டு மூடுகிறேன். ஒன்று வெயிலில், ஒன்று கறுப்புத் தாள் சுற்றி, ஒன்று மெல்லிய துணி சுற்றி நிழலில். செடி இல்லாத நான்காவது குழாய் ஒன்றும் வேண்டும். காலையில் வைத்துவிட்டுக் கடைசி பீரியடில் பார்த்தால், வெயிலில் இருந்தது நீலம், கறுப்புத் தாளுக்குள் இருந்தது மஞ்சள், செடி இல்லாதது அதே பச்சை. துணி சுற்றிய குழாய் ஏறக்குறைய பச்சையாகவே நின்றால் அன்றைக்கு நல்ல சீட்டுக் கேள்வி தயார். துணியின் அடுக்கைக் கூட்டிக் குறைத்து முன்னதாகவே ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். முதல் முறையே அமைந்துவிடாது.

கேள்வி இதுதான்: "துணி சுற்றிய குழாயில் நிறம் மாறவில்லை. உள்ளே இருக்கும் செடி என்ன செய்துகொண்டிருக்கிறது?" ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதுபவர்கள் இருப்பார்கள். இரண்டும் நின்றுவிட்டன என்று சிலர். உள்ளே வருவதும் வெளியே போவதும் சம அளவில் நடப்பதால் நிறம் மாறவில்லை என்று எழுதும் மாணவன், ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதைச் சொல்லிக் கேட்டதால் எழுதவில்லை. அவனே கண்டுபிடித்து எழுதுகிறான். ஒளி ஈடுசெய் புள்ளி என்ற பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அம்புப் படங்களாக இருந்தாலும் இந்தக் குழாய்க் கேள்வியாக இருந்தாலும் பார்த்து முடிக்க எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று பிரிவுகளுக்குப் பாடம் எடுத்தால் நூற்றிருபது தாள். எனவே சுவாசப் பாடத்தில் ஒரே ஒரு நாள், பெரும்பாலும் பரிசோதனை செய்த நாளில் மட்டும் இதை வைத்துக்கொள்கிறேன்.

என் தெரிவு

இந்தப் பாடத்தை முதன்முறையாக நடத்துபவர் திறந்த கேள்வியில் தொடங்கட்டும், காட்சி ஒன்றைக் கொடுத்து. மாணவர்களின் வாக்கியங்கள் கையில் இல்லாமல் இரண்டு அடுக்குக் கேள்வி எழுதினால், தவறான காரணங்களை யாருமே நம்பாத காரணங்களாக எழுதிவிடுவோம். அப்படியானால் அந்த வகையின் பயனே போய்விடும். வாக்கியங்கள் சேர்ந்த பிறகு பாடம் முடியும் நாளுக்கு விடையும் காரணமும் சேர்ந்த கேள்விதான் என் முடிவு. மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் மிச்சம், கூட்டம் ஒன்றுக்கு அழைப்பும் வந்துவிட்டது என்றால் முதல் அடுக்கை மட்டும் கேட்கலாம். ஆனால் வந்த எண்ணிக்கையைப் பாதிக்குப் பாதி நம்பி, மறுநாள் காலையில் இரண்டாவது அடுக்கைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் ஒரு சீட்டில் ஒரே கருத்து. ஆசையில் நாம் இலைத்துளை, மைட்டோகாண்ட்ரியா, காற்றில்லாச் சுவாசம் என்று மூன்று கேள்வி போட்டுவிடுவோம். மூன்றையும் மேலோட்டமாக எழுதிவிட்டு ஓடுவார்கள். மதிப்பெண்ணும் போடக் கூடாது. மதிப்பெண் என்று தெரிந்த அன்றே பக்கத்துத் தாளைப் பார்ப்பது தொடங்கிவிடும், பிறகு அடுக்கடுக்காக "இ-1" வரும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்தாரா என்ற சந்தேகம் வந்தால், இரண்டு வரிசைக்கும் காரணங்களின் எண்களை மாற்றிப் போட்ட கேள்வியைக் கொடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பாடம் நடத்திய அதே மணி நேரத்தில் சரியாக எழுதியது ஒரு வாரம் கழித்தும் நிற்கும் என்று சொல்ல முடியாது. செம்பருத்தியைப் பற்றி நான் பேசிய வாக்கியம் காதில் இருக்கும்போதே செம்பருத்தியைப் பற்றிக் கேட்டால் எதிரொலிதான் வரும். எனவே ஒரு வாரம் கழித்து, வகுப்பின் தொடக்கத்தில், செடியையே மாற்றிக் கேட்கிறேன். இலையையும் வெளிச்சத்தையும் அடியோடு எடுத்துவிட்டு வேருக்குப் போகிறேன்: "மாடியில் தொட்டிச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி, தொட்டியில் தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கிறது. நல்ல வெயிலும் இருக்கிறது. சில நாளில் செடி வாடுகிறது. ஏன்?"

மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியேற்றிவிட்டது, வேரின் செல்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கவில்லை, சுவாசம் தடைப்பட்டதால் வேரால் வேலை செய்ய முடியவில்லை என்று எழுதுபவர்களுக்கு இந்தப் பாடம் முடிந்துவிட்டது. புளிய மரத்தடி மாணவி அந்தத் தொட்டிக் கேள்விக்கு எழுதிய தாளையும் முதல் தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் இருந்தது ஒரே வரி: "வேருக்கு இலை இல்லை, ஆனால் அதுவும் உயிரோடு இருப்பதால் பகலிலும் சுவாசிக்க வேண்டும், தண்ணீருக்குள் முடியவில்லை."